‘ஹாய்’க்கு அடுத்து என்ன வருகிறது?

டேட்டிங் செயலியில் ஒரு பெண்ணுக்கு வரும் முதல் செய்திகளை வரிசையாகப் படித்தால், வானொலிக்கு வரும் நேயர் விருப்பம்தான் எனக்கு ஞாபகம் வருகிறது. பாதிப் பேர் “ஏதாவது நல்ல பாட்டா போடுங்க அக்கா” என்பார்கள். கொஞ்சப் பேர்தான் எந்தப் படம், யார் பாடியது, யாருக்காகக் கேட்கிறோம் என்று சொல்வார்கள். முதல் வகையினர் மோசமானவர்கள் என்று அர்த்தமில்லை. அவர்களுக்கு எந்தப் பாட்டைப் போடுவது என்றுதான் நமக்குத் தெரியாது.

கிள்ளானில் மருந்தாளராக வேலை செய்யும் ஒரு தங்கை, வயது 30, ஒரே வாரத்தில் தனக்கு வந்த முதல் செய்திகளை எனக்கு அனுப்பி, “இதுல யாருக்கா நெசமாவே பேச வந்திருக்காங்க?” என்று கேட்டார். அவருடைய சம்மதத்தோடு நான்கை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

அதற்கு முன் அவருடைய புரொஃபைலில் என்ன இருந்தது என்று சொல்ல வேண்டும். அதோடு வைத்துப் பார்த்தால்தான் வந்த செய்தியின் எடை தெரியும். மூன்று படங்கள். ஒன்றில் அம்மா வீட்டு முருங்கை மரத்தடியில் நிற்கிறார். கீழே ஒரு வரி: “என் ஞாயிற்றுக்கிழமை – பந்திங்கில் அம்மா கையால் இடியாப்பம், அதற்குப் பிறகு மோரிப் கடற்கரை.” அவ்வளவுதான். ஆனால் கேள்வி கேட்க நினைப்பவருக்கு இந்த ஒரு வரியிலேயே மூன்று கேள்வி இருக்கிறது.

வந்த செய்திகள் இவை.

முதலாமவர்: “ஹாய்.”

இரண்டாமவர்: “இவ்வளவு அழகான சிரிப்பை நான் இதுவரை பார்த்ததே இல்லை. உங்கள் படத்தைப் பார்த்ததும் மனசுக்கு ஒரு அமைதி. உங்களைப் பற்றி எல்லாமே தெரிந்துகொள்ள ஆசை.”

மூன்றாமவர்: “மோரிப்புக்குத் தண்ணி ஏறியிருக்கும்போது போவீங்களா, வத்தியிருக்கும்போதா? நான் ரெண்டு தடவை போனேன், ரெண்டு தடவையும் சேறுதான் பார்த்தேன்.”

நான்காமவர்: “ஹாய் டியர். நான் இந்தச் செயலிக்கு அதிகம் வரமாட்டேன். வாட்ஸ்அப் நம்பர் கொடுங்க, அங்கே பேசலாம்.”

எந்தச் செய்தி நன்றாக இருக்கிறது என்று அந்தத் தங்கையையே கேட்டேன். இரண்டாவது என்றார். பலரும் அப்படித்தான் சொல்வார்கள். நீளமாக இருக்கிறது, பாராட்டு இருக்கிறது, எழுதக் கொஞ்சம் நேரம் செலவழித்த மாதிரி தெரிகிறது. நான் சொன்னேன், “உன் பெயரையும் படத்தையும் மூடிவிட்டு, இதே செய்தியை உன் தோழிக்கு ஒரு எழுத்துகூட மாற்றாமல் அனுப்ப முடியுமா, பார்.” முடியும். ஈப்போவில் இருக்கிற ஒருவருக்கும் அனுப்பலாம், ஜொகூரில் இருக்கிற ஒருவருக்கும் அனுப்பலாம். அந்த மூன்று வாக்கியத்தில் முருங்கை மரமும் இல்லை, இடியாப்பமும் இல்லை. ஒருமுறை எழுதி வைத்துக்கொண்டு ஐம்பது பேருக்கு ஒட்டுகிற செய்திக்கும் இதற்கும் வெளியிலிருந்து வித்தியாசம் சொல்ல முடியாது. நீளம் என்பது அக்கறைக்குச் சாட்சி இல்லை.

மூன்றாவது செய்தியை அப்படி வேறு யாருக்கும் அனுப்ப முடியாது. மோரிப்பில் கடல் வற்றினால் தண்ணீர் வெகுதூரம் உள்வாங்கிவிடும், கரை முழுக்கச் சேறாகத் தெரியும் என்பது போய்ப் பார்த்தவருக்குத்தான் தெரியும். அவர் அந்த வரியைப் படித்திருக்கிறார், தன் அனுபவத்தில் கொஞ்சம் சேர்த்திருக்கிறார், சுலபமாகப் பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்வியோடு நிறுத்தியிருக்கிறார். பாராட்டே இல்லை. ஆனாலும் கவனம் இருக்கிறது.

சரி, அந்த “ஹாய்”? அதைக் கண்டதும் ஒதுக்கிவிடுகிற தோழிகள் எனக்கு நிறைய. அவர்கள் கோபம் நியாயம்தான். ஆனால் அந்தப் பக்கத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். இந்தச் செயலிகளில் ஆண்கள் அனுப்பும் பெரும்பாலான செய்திக்குப் பதிலே வருவதில்லை. பத்துப் பேருக்கு யோசித்து யோசித்து எழுதி ஒருவரிடமிருந்தும் பதில் வராத தம்பி, பதினோராவது பேருக்கு “ஹாய்” என்று தட்டிவிடுகிறார். செயலியின் அமைப்பும் இதில் ஒரு காரணம். ஹிஞ்சில் ஒரு குறிப்பிட்ட படத்தையோ பதிலையோ தொட்டு, அதன் கீழேயே கருத்து எழுதலாம். எதைப் பற்றிப் பேசுவது என்பது கண்ணெதிரே இருக்கிறது. டிண்டரில் இருவரும் வலப்பக்கம் தள்ளிப் பொருத்தம் ஆனதும் வெறும் பெட்டிதான் திறக்கும். பம்பிள் பல ஆண்டுகளாகப் பெண்ணே 24 மணி நேரத்துக்குள் முதலில் பேச வேண்டும் என்று வைத்திருந்தது. அங்கே பெண்களும் “ஹாய்” என்றுதான் நிறைய அனுப்பினார்கள் என்று என் தோழிகள் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொள்வார்கள். புரொஃபைலில் ஒரே ஒரு செல்ஃபியை மட்டும் வைத்துவிட்டு நல்ல கேள்விக்குக் காத்திருப்பதும் கொஞ்சம் அதிகம்தான்.

அதனால் “ஹாய்”யை வைத்துத் தீர்ப்பு எழுத வேண்டாம், அதற்கு அடுத்த செய்தியைப் பாருங்கள் என்று அந்தத் தங்கையிடம் சொன்னேன். அவர் முதலாமவருக்கு, “ஹாய். என் புரொஃபைலைப் படிச்சீங்களா, இல்ல படம் மட்டும்தானா?” என்று கேட்டிருக்கிறார். கொஞ்சம் காரம்தான்! கேள்வியை இப்படித் திருப்பிக் கொடுத்தால் இரண்டில் ஒன்று நடக்கும். “ம்ம்”, “நீங்க?”, “சாப்டாச்சா?” என்று மூன்று நாள் ஓடினால், உரையாடலை நீங்கள் ஒருவரே இழுத்துக்கொண்டு போகிறீர்கள் என்று அர்த்தம். “சாப்டாச்சா” நம் ஊரில் அன்பான கேள்விதான், மறுக்கவில்லை. ஆனால் அதுவே மூன்று நாளும் வந்தால் அவருக்கு உங்களைப் பற்றித் தெரிந்துகொள்ள வேறொன்றும் இல்லை. இவர் அப்படிச் செய்யவில்லை. ஒரு மணி நேரம் கழித்து, “படிச்சேன். எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியாமத்தான் ஹாய் போட்டேன். இடியாப்பத்துக்கு உங்க வீட்ல தேங்காப்பாலும் சீனியுமா, குழம்பா?” என்று பதில் வந்தது.

மூன்றாமவர் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். நான்கு நாள் அழகாகப் பேசினார். ஐந்தாம் நாள் பதில் குறைந்தது, பிறகு நின்றே போனது. நல்ல முதல் செய்தி அந்த நேரத்தில் அவர் கவனமாக இருந்தார் என்பதை மட்டும்தான் சொல்லும். இன்னும் எத்தனை பேரோடு பேசுகிறார், எதற்காக வந்திருக்கிறார் என்பதை எந்த முதல் வரியும் சொல்லாது.

நான்காமவர் விஷயத்துக்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன். வீட்டில் இதைப் படிக்கும் அம்மா அப்பாக்களும் கவனிக்க வேண்டிய இடம் இது. மலேசியாவில் எல்லோரும் வாட்ஸ்அப்பில்தான் இருக்கிறோம். ஒரு வாரம் பேசிய பிறகு, சந்திக்க நாள் குறிக்கும்போது நம்பர் கேட்பதில் தவறே இல்லை. இரண்டாவது வரியிலேயே கேட்பது வேறு. மோசடிக்காரருக்குச் செயலிக்குள் அதிக நேரம் தங்குவது ஆபத்து. யாராவது புகார் செய்தால் கணக்கு முடக்கப்படும். அதனால் ஆளை வாட்ஸ்அப்புக்கோ டெலிகிராமுக்கோ இழுத்துவிட்டு, செயலியில் பொருத்தத்தை நீக்கிவிடுவார். நீக்கினால் உங்கள் திரையிலிருந்தும் உரையாடல் மறைந்துவிடும். புகார் கொடுக்கப் போனால் காட்ட ஒன்றும் இருக்காது. சந்தேகம் வந்தால் முதலில் திரையைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளச் சொல்வது இதனால்தான்.

மோசடிக்காரராக இல்லாவிட்டாலும் நம்பர் சின்ன விஷயம் இல்லை. உங்கள் கைப்பேசி எண்ணை டூயிட்நவ்வில் பதிந்திருந்தால், அந்த எண்ணுக்குப் பணம் அனுப்புவதுபோல வங்கிச் செயலியில் தட்டினாலே போதும், உங்கள் பெயர் திரையில் வரும். நம் ஆட்களின் பதிவுப் பெயரில் அப்பா பெயரும் சேர்ந்தே இருக்கும். அந்த இரண்டு பெயரையும் ஃபேஸ்புக்கில் தேடினால் வீடு, வேலை, அக்கா பிள்ளையின் பிறந்தநாள் வரை போய்விடலாம். முகம் தெரியாதவருக்கு இரண்டாவது வரியில் கொடுக்கிற விஷயமா இது?

அந்தத் தங்கை நான்காமவருக்கு எழுதியது: “இன்னும் ஒரு வாரம் இங்கேயே பேசலாமே. வேணும்னா செயலியிலேயே வீடியோ கால் பண்ணுங்க.” பம்பிளில் நம்பர் கொடுக்காமலே வீடியோவில் பேச முடியும். உண்மையாகவே அறிவிப்புகளைக் கவனிக்காத சோம்பேறியாக இருந்தால் “சரி” என்று சொல்லிவிட்டு மெதுவாகப் பதில் போடுவார். இவரோ, கேமரா கெட்டுப்போச்சு என்றார், அப்புறம் “என்னை நம்பலையா டியர்?” என்றார், பத்து நிமிடத்தில் தன் நம்பரையே அனுப்பி “நீங்களே மெசேஜ் பண்ணுங்க” என்றார். மரியாதையான ஒரு “இப்ப வேண்டாம்”க்கு ஒருவர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதில் தெரிவது, பத்து இனிப்பான செய்தியிலும் தெரியாது. அந்த நம்பரைக் காவல்துறையின் செமாக் மியூல் தளத்தில் போட்டுப் பார்க்கச் சொன்னேன். வங்கிக் கணக்கு எண்ணையும் கைப்பேசி எண்ணையும் அங்கே சோதிக்கலாம். ஒன்றும் வரவில்லை. அதனால் அவர் நல்லவர் என்றாகிவிடாது. அந்த எண்ணைப் பற்றி இதுவரை யாரும் புகார் செய்யவில்லை, அவ்வளவுதான். தங்கை அவரைத் தடைசெய்துவிட்டார்.

அங்கே போயிருந்தால் அடுத்து என்ன வந்திருக்கும் என்பது நமக்குப் பழக்கமான கதை. சுங்கத்துறையில் மாட்டிக்கொண்ட பரிசுப் பார்சல், அல்லது சிறு தொகையில் லாபம் காட்டும் ஒரு முதலீடு. யாராவது ஏற்கெனவே பணம் கட்டியிருந்தால் வெட்கப்பட்டுக்கொண்டு ஒரு வாரம் உட்கார வேண்டாம். உடனே வங்கிக்கோ 997க்கோ அழையுங்கள். பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதற்குள் தடுக்க முடியுமா என்பதுதான் அங்கே கேள்வி. வீட்டில் இருப்பவர்கள் “உனக்கு ஏன் இந்த வேலை?” என்று கேட்பதை அழைத்து முடித்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாமவருக்கும் தங்கை ஒரு பதில் போட்டிருந்தார்: “நன்றி. என் புரொஃபைலில் எது பிடிச்சது?” வந்த பதில், “எல்லாமே.”

இடியாப்பம் கேட்ட முதலாமவரோடு மூன்று வாரம் செயலியிலேயே பேச்சு ஓடியது. அவர்கள் வீட்டில் குழம்புதானாம், அதில் ஒரு சின்னச் சண்டையும் நடந்திருக்கிறது. வரும் சனிக்கிழமை மாலை கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் தே தாரிக் குடிக்கச் சந்திக்கிறார்கள். அக்காவுக்கும் எனக்கும் இடத்தைச் சொல்லிவிட்டுத்தான் போகிறார். நம்பரை நேற்றுத்தான் மாற்றிக்கொண்டார்களாம், அங்கே காரை எங்கே நிறுத்துவது என்று கேட்பதற்காக.