அறுந்த மின்கம்பி: யார் பொறுப்பு?

கேள்வி: வயலில் அறுந்து கிடக்கும் மின்கம்பியை மிதித்துக் கறவை மாடு இறந்தால், இழப்பீடு கேட்க முடியுமா? ‘யாரோ கொக்கி போட்டதால் அறுந்தது, எங்கள் மீது தவறில்லை’ என்று மின்வாரியம் சொன்னால் என்ன செய்வது?

பதில்: தாராளமாகக் கேட்கலாம். மின்சாரம் போன்ற ஆபத்தானதைக் கையாளும் நிறுவனம், அதனால் பிறருக்கு நேரும் சேதத்துக்குப் பொறுப்பேற்க வேண்டும். அலட்சியம் இருந்தது என்று நிரூபிக்கத் தேவையில்லை. சட்டத்தில் இதைக் ‘கடும் பொறுப்பு’ என்பார்கள்.

மத்தியப் பிரதேசத்தில், மழை பெய்த இரவில் சைக்கிளில் வீடு திரும்பிய தொழிலாளி ஒருவர், சாலையில் கிடந்த கம்பியில் மின்சாரம் பாய்ந்து இறந்தார். மின்சாரம் திருடியவர் இழுத்த கம்பி அது என்று மின்வாரியம் வாதாடியது. 2002-ல் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. ஓடியது வாரியத்தின் மின்சாரம் என்பதால், வாரியமே இழப்பீடு தர வேண்டும் என்றது.

ஆனால், மின்சாரம் தாக்கித்தான் மாடு இறந்தது என்பதை உரிமையாளர் நிரூபிக்க வேண்டும். எனவே, புதைக்கும் முன் கால்நடை மருத்துவரிடம் பிரேதப் பரிசோதனைச் சான்று வாங்குவது அவசியம். கம்பி கிடந்த நிலையைத் தள்ளி நின்று படம் எடுத்து, காவல் நிலையத்தில் புகார் தந்து ரசீதும் பெற வேண்டும். கொக்கி போட்டவரே மாட்டுக்காரர் என்றால், இழப்பீடு கேட்க வழியில்லை.