அவுரங்காபாத் பெயரை மாற்ற 35 வருஷம் ஆனது ஏன்? ஊர்ப் பெயரை மாற்றுவது யார் கையில் இருக்கிறது?

ஆட்சி மாறினால் ஊர்ப் பெயரும் மாறும் என்பது நமக்குப் பழகிப்போன செய்திதான். ஆனால் முதலமைச்சர் மேடையில் அறிவித்த உடனே பெயர் மாறிவிடுவதில்லை. அது எவ்வளவு சுற்றிவர வேண்டியிருக்கும் என்பதற்கு மகாராஷ்டிராவின் அவுரங்காபாத் நல்ல உதாரணம். இன்று அதன் பெயர் சத்ரபதி சம்பாஜிநகர்.

பெயருக்குப் பின்னால் என்ன இருக்கிறது?

இந்த ஊரை 1610 வாக்கில் அமைத்தவர் அகமத்நகர் சுல்தானகத்தின் தளபதி மாலிக் அம்பர். அப்போது அதன் பெயர் கட்கி. பிறகு அவர் மகன் ஃபதேநகர் என்று மாற்றினார். தக்காணத்துக்கு ஆளுநராக வந்த அவுரங்கசீப் தன் பெயரை வைத்தார். ஆக, பெயர் மாற்றம் இந்த ஊருக்குப் புதுசு இல்லை.

சிவாஜியின் மகன் சம்பாஜியை 1689-ல் கொன்றவர் இதே அவுரங்கசீப். கொன்றவர் பெயரை எடுத்துவிட்டு கொல்லப்பட்டவர் பெயரை வைக்க வேண்டும் என்று 1988-ல் பால் தாக்கரே பேசினார். மராத்வாடாவில் சிவசேனா காலூன்ற முயன்ற நேரம் அது. முஸ்லிம்கள் கணிசமாக வாழும் நகரம் என்பதால் பெயர் அங்கே ஓட்டுக் கணக்காகவும் ஆனது.

ஒரு ஆட்சி கொண்டுவந்தது, அடுத்த ஆட்சி எடுத்தது

1995-ல் சிவசேனா - பாஜக கூட்டணி ஆட்சிக்கு வந்தது. மாநகராட்சி தீர்மானம் போட்டது, மாநில அரசு வரைவு அறிவிக்கை வெளியிட்டது. எதிர்த்துப் போடப்பட்ட வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. வரைவு இறுதியாவதற்குள் ஆட்சி மாறிவிட்டது. 2001-ல் காங்கிரஸ் - தேசியவாத காங்கிரஸ் அரசு அதைத் திரும்பப் பெற்றது. விஷயம் பழைய இடத்துக்கே வந்துவிட்டது.

அடுத்த காட்சி 2022 ஜூன் 29. உத்தவ் தாக்கரே அரசு கவிழும் நிலை. மறுநாள் பெரும்பான்மையை நிரூபிக்க ஆளுநர் சொல்லியிருக்கிறார். அன்றைய கடைசி அமைச்சரவைக் கூட்டத்தில் சம்பாஜிநகர் பெயருக்கு ஒப்புதல் கொடுத்துவிட்டு, இரவே உத்தவ் ராஜினாமா செய்தார். அடுத்து வந்த ஏக்நாத் ஷிண்டே, பெரும்பான்மை கேள்விக்குள்ளான அரசின் முடிவு செல்லாது என்றார். ஆனால் பெயரை விட்டுவிடவில்லை. முன்னால் 'சத்ரபதி' சேர்த்து ஜூலை 16-ல் தானே ஒப்புதல் கொடுத்தார். பெருமை யாருக்கு என்பதுதான் அங்கே உண்மையான சண்டை.

டெல்லி எதற்கு வருகிறது?

ஊர்ப் பெயரை மாற்றும் அதிகாரம் மாநில அரசுடையது. இருந்தாலும் மத்திய உள்துறை அமைச்சகத்திடம் 'ஆட்சேபணை இல்லை' என்று வாங்க வேண்டும். இதற்கு அடிப்படை 1953-ல் அமைச்சகம் மாநிலங்களுக்கு அனுப்பிய வழிகாட்டுதல். மக்களுக்குப் பழகிய பெயரை முடிந்தவரை மாற்றக் கூடாது, உள்ளூர்ப் பற்று மட்டும் காரணமாக இருக்கக் கூடாது, அதே பெயரில் பக்கத்தில் வேறு ஊர் இருந்து குழப்பம் வரக் கூடாது என்கிறது அது. ரயில்வே, தபால் துறை, நில அளவைத் துறை ஆகியவற்றிடம் கருத்து கேட்டுத்தான் அமைச்சகம் பதில் சொல்லும். இது வழிகாட்டுதல்தான், சட்டம் இல்லை. அதனால் எவ்வளவு கறார் காட்டுவது என்பது டெல்லியின் மனசைப் பொறுத்தது.

மாநிலத்தின் பெயர் என்றால் கதையே வேறு. அரசியலமைப்பின் 3-வது பிரிவுப்படி நாடாளுமன்றம் சட்டம் போட வேண்டும். மெட்ராஸ் மாநிலம் தமிழ்நாடு ஆக 1967-ல் சட்டமன்றம் தீர்மானம் போட்டும், நாடாளுமன்றச் சட்டம் வந்து 1969 ஜனவரி 14-ல்தான் பெயர் அமலானது.

பாதி ஊருக்கு மட்டும் புதுப் பெயர்

அவுரங்காபாத்துக்கு 2023 பிப்ரவரி 24-ல் மத்திய அரசின் ஒப்புதல் வந்தது. ஆனால் மாறியது நகரத்தின் பெயர் மட்டும்தான். மாவட்டம், தாலுகா எல்லாம் வருவாய்ச் சட்டத்தின் கீழ் வருபவை. அவற்றுக்குத் தனியாக வரைவு வெளியிட்டு, மக்களின் ஆட்சேபணையைக் கேட்டு, பிறகுதான் இறுதி அறிவிக்கை கொடுக்க முடியும். அதற்குள் சில அரசு அலுவலகங்கள் அவசரப்பட்டு மாவட்டத்துக்கும் புதுப் பெயரை எழுத ஆரம்பித்தன. அது முடிவாகும் வரை பயன்படுத்த வேண்டாம் என்று மும்பை உயர் நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. மாவட்டப் பெயர் 2023 செப்டம்பரில்தான் மாறியது.

எதிர்ப்பு மனுக்களை உயர் நீதிமன்றம் 2024 மே மாதம் தள்ளுபடி செய்தது. அறிவிக்கைகளில் சட்ட மீறல் இல்லை என்பது அதன் முடிவு. உச்ச நீதிமன்றமும் ஆகஸ்டில் தலையிட மறுத்தது. நீதிமன்றம் பார்ப்பது நடைமுறை சரியா என்பதைத்தான். பெயர் நல்லதா கெட்டதா என்ற வாதம் அங்கே பெரும்பாலும் எடுபடாது.

இவ்வளவுக்குப் பிறகும், 2024 மக்களவைத் தேர்தலில் அந்த ஊர் மக்கள் ஓட்டுப் போட்டது 'அவுரங்காபாத்' தொகுதியில்தான். தொகுதிப் பெயர் இருப்பது தொகுதி மறுவரையறை ஆணையில், அதை மாநில அரசு தொட முடியாது.