நேரம் காட்டாத ஒலிப்பதிவை அழித்துவிடாதீர்கள்

நெகிரி செம்பிலானில் ரந்தாவ், சிலியாவ், லிங்கி, லாபு பக்கத் தோட்டங்களில் பால் வெட்டிய தலைமுறை இப்போது தாமான் வீடுகளில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறது. லயங்கள் பலவும் போய்விட்டன, ரப்பர் நின்ற இடத்தில் செம்பனை நிற்கிறது. வரலாற்றுப் பணிக்காக இந்தப் பெரியவர்களின் பேச்சைப் பதிவு செய்யும் மாணவர்கள் கூடியிருக்கிறார்கள் என்பது நல்ல செய்தி. அந்தப் பதிவுகளில் சில, கெட்டுப்போன கோப்பு என்று தவறாக நினைக்கப்பட்டு அழிக்கப்படுகின்றன. இவை கெட்டுப்போனவை அல்ல, ஒரே ஒரு கட்டளையில் சரியாகக்கூடியவை என்பதுதான் நான் சொல்ல வந்தது.

ஆறாம் படிவ மாணவி ஒருவர் அண்மையில் என்னிடம் கொண்டுவந்த கோப்பை எடுத்துக்கொள்வோம். அவருடைய பாட்டிக்கு 88 வயது. பெரட்டுக்கு விடியுமுன் எழுந்தது, காண்டா வாளியில் பால் சுமந்தது, ஜப்பான்காரன் காலத்தில் அப்பாவைச் சயாமுக்குக் கொண்டுபோனது என்று முக்கால் மணி நேரத்துக்கு மேல் பேசியிருக்கிறார். மாணவி கைப்பேசியை நம்பாமல், மடிக்கணினியின் உலாவியில் திறக்கும் ஓர் ஒலிப்பதிவுப் பக்கத்தைப் பயன்படுத்தினார். பதிவு முடிந்ததும் .webm என்று முடியும் கோப்பு ஒன்று இறங்கியது. திறந்தால் பாட்டியின் குரல் தெளிவாகக் கேட்கிறது. ஆனால் மொத்த நேரம் இருக்க வேண்டிய இடத்தில் 0:00. பட்டையை நடுவுக்கு இழுத்தால் நகர மறுக்கிறது, அல்லது மறுபடியும் தொடக்கத்துக்கே ஓடிவிடுகிறது. சயாம் பற்றிய இடத்தை எழுத்தில் பெயர்க்க, ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து கேட்க வேண்டியதாயிற்று. "அண்ணா, இது போச்சு. பாட்டியை மறுபடியும் பேசச் சொல்லவா?" என்று கேட்டார். 88 வயதில் அதே கதையை அதே மூச்சில் யாரால் மறுபடியும் சொல்ல முடியும்?

கோப்பு முழுதாக இருக்கிறதா என்று முதலில் பார்க்க, அதன் அளவே போதும். அந்தப் பக்கம் நொடிக்கு 128 கிலோபிட் வேகத்தில் பதிவு செய்தது. அதாவது நொடிக்கு 16 கிலோபைட். கோப்போ ஏறக்குறைய 46 மெகாபைட். வகுத்துப் பார்த்தால் 48 நிமிடம் வருகிறது. ஆக, பாட்டி பேசியது அனைத்தும் உள்ளே இருக்கிறது. இல்லாதது நீளத்தைச் சொல்லும் ஓர் எண்ணும், எந்த நேரத்துப் பேச்சு கோப்பில் எங்கே இருக்கிறது என்று காட்டும் ஓர் அட்டவணையும்தான்.

இவை ஏன் இல்லை? வெப்எம் என்பது கூகுள் 2010-இல் வெளியிட்ட கோப்பு வகை. மெட்ரோஸ்கா என்ற பழைய வகையின் எளிய வடிவம் அது. கோப்பின் தலைப்பகுதியில் மொத்த நீளத்துக்கு ஓர் இடம் உண்டு, அதற்கு Duration என்று பெயர். அதன் பிறகு ஒலி சிறு சிறு கட்டுகளாக வரும். ஒவ்வொரு கட்டின் நெற்றியிலும் அது தொடங்கும் நேரம் எழுதியிருக்கும். இவற்றுக்கு அப்பால் Cues என்று ஒரு பகுதி, புத்தகத்தின் பொருளடக்கம் போல. 30-ஆவது நிமிடம் வேண்டுமென்றால், கோப்பில் எத்தனையாவது பைட்டுக்குப் போக வேண்டும் என்று அது சொல்லும்.

சாதாரண ஒலிப்பதிவுச் செயலி வட்டில் எழுதுகிறது. பதிவு முடிந்ததும் தலைப்பகுதிக்குத் திரும்பிப்போய் நீளத்தை நிரப்பி, அட்டவணையையும் சேர்த்துவிடும். உலாவியில் இருக்கும் பதிவுக் கருவியான MediaRecorder அப்படிச் செய்வதில்லை. அது ஒலியைத் துண்டு துண்டாக அந்த இணையப் பக்கத்திடம் கொடுத்துக்கொண்டே போகிறது. கொடுத்த துண்டு கையை விட்டுப் போனதுதான். தோட்டத்தில் பால் லாரி முதல் நடை கிளம்பிவிட்ட பிறகு, அந்த நடையின் சீட்டில் அன்றைய மொத்த எடையை யார் எழுதுவது? முதல் துண்டு போகும்போது பாட்டி எவ்வளவு நேரம் பேசுவார் என்று உலாவிக்குத் தெரியாது. கடைசித் துண்டு போகும்போது முதல் துண்டு அதன் கையில் இல்லை. ஆகவே இது வடிவமைப்பின் விளைவு. மாணவி தப்பாக எதையும் அழுத்தவில்லை, கணினியும் பழுதில்லை.

இனி சரிசெய்யும் வேலை. `ffmpeg` என்ற இலவச நிரல் ஒன்று போதும். முதலில் நோயைக் கண்டறிவோம்:

```
ffprobe paatti.webm
```

அது காட்டும் வரிகளில் `Duration: N/A` என்று இருந்தால், நாம் பேசும் குறை இதுதான். பிறகு:

```
ffmpeg -i paatti.webm -c copy paatti-sari.webm
```

இதில் உயிர் `-c copy` என்ற பகுதியில் இருக்கிறது. ஒலியைத் தொடாதே, உள்ளபடியே எடுத்துப் புதிய உறையில் போடு என்று அது சொல்கிறது. நிரல் ஒவ்வொரு கட்டாகப் படித்து, நேரங்களைக் குறித்துக்கொண்டு போகிறது. கடைசிக் கட்டை எட்டியதும் மொத்த நீளம் அதற்குத் தெரிந்துவிடும். உடனே புதிய கோப்பின் தலைப்பகுதிக்குத் திரும்பி அதை நிரப்புகிறது, Cues அட்டவணையையும் எழுதுகிறது. உலாவியால் செய்ய முடியாமல் போன அதே வேலைதான்.

இந்தப் பாட்டியின் கோப்புக்கு ஓரிரு நொடி பிடித்தது. கடைசி வரியில் `time=00:48:12` என்று வந்தது. நாம் வகுத்துப் பார்த்த 48 நிமிடத்தோடு அது பொருந்துகிறது. புதிய கோப்பின் அளவும் ஏறத்தாழ அதே 46 மெகாபைட். உங்களுக்குப் பல நிமிடம் ஓடினாலோ, அளவு வெகுவாக மாறினாலோ, `-c copy` விடுபட்டு ஒலி புதிதாகச் சுருக்கப்படுகிறது என்று பொருள். நிறுத்திவிட்டுக் கட்டளையைச் சரிபாருங்கள். கோப்பின் புதுப் பெயர் பழையதிலிருந்து வேறாக இருக்க வேண்டும், ஒரே பெயரைக் கொடுத்தால் நிரல் மறுத்துவிடும்.

கட்டளை தட்டத் தயங்குபவர்களுக்கு MKVToolNix இருக்கிறது. அதில் கோப்பை இழுத்துப் போட்டு, Output பகுதியில் Create WebM compliant file என்பதைத் தேர்ந்தெடுத்து, Start multiplexing பொத்தானை அழுத்தினால் இதே பலன் கிடைக்கும்.

முடிந்ததும் மொத்த நேரம் தெரிகிறது என்று பார்த்துத் திருப்தி அடைந்துவிட வேண்டாம். பட்டையை 30-ஆவது நிமிடத்துக்கு இழுத்து, உடனே பேச்சு கேட்கிறதா என்று பாருங்கள். நீளமும் அட்டவணையும் வெவ்வேறு குறைகள் என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. இணையப் பக்கம் கட்டும் கணினித்துறை மாணவர்கள் `fix-webm-duration` என்ற சிறு நிரலைச் சேர்த்துவிட்டு வேலை முடிந்தது என்கிறார்கள். அது நீளத்தை மட்டும் எழுதுகிறது, Cues எழுதுவதில்லை. பட்டையில் 48:12 அழகாகத் தெரியும், ஆனால் அட்டவணையை எதிர்பார்க்கும் கருவிகளில் இழுத்தால் திணறும். பதிவுகளை வாங்கி வைக்கும் பக்கம் என்றால், கோப்பு வந்து சேர்ந்ததும் வழங்கியிலேயே மேற்சொன்ன `ffmpeg` கட்டளையை ஓட்டிவிடுவதே முறை. இந்த வேலையை மாணவர் தலையில் கட்டுவது நியாயமில்லை.

பெரும்பாலோர் முதலில் ஓடும் வழி ஒன்று உண்டு: இணையத்தில் இலவசமாக எம்பி3 ஆக்கித்தரும் தளம். நான் அதை இரண்டு காரணங்களுக்காக எதிர்க்கிறேன். ஏற்கெனவே சுருக்கப்பட்ட ஒலியை வேறொரு முறையில் மறுபடியும் சுருக்கும்போது தரம் இன்னொரு படி இறங்குகிறது. நடுங்கும் குரலில், மழைச் சத்தத்துக்கு நடுவே சொல்லப்பட்ட ஊர்ப்பெயர்தான் அதில் முதலில் மங்கும். இரண்டாவது, குடும்பத்துக்குள் சொல்லப்பட்ட பேச்சை யாருடையது என்றே தெரியாத வழங்கிக்கு அனுப்புகிறீர்கள். அதற்குப் பாட்டி சம்மதம் தரவில்லை. கோப்பின் பெயரில் .webm-ஐ .mp3 என்று மாற்றுவதோ வெறும் பெயர் மாற்றம்தான், உள்ளே ஒன்றும் மாறாது.

இந்த மருந்துக்கும் எல்லை உண்டு. நடுவில் மின்சாரம் போய் உலாவி மூடிக்கொண்டால், அதுவரை பக்கம் சேமித்த துண்டுகளே மிஞ்சும். அவற்றை `ffmpeg` மீட்டுத்தரும். கோப்பு பாதியில் முடிந்துவிட்டது என்ற பொருளில் `ended prematurely` என்று எச்சரித்தாலும் பயப்பட வேண்டாம், வால் மட்டும்தான் போயிருக்கிறது. ஆனால் `EBML header parsing failed` என்று வந்தால் நிலைமை வேறு. தலைப்பகுதி முதல் துண்டில் மட்டுமே இருக்கும். அந்தத் துண்டு தொலைந்தால், மற்றவை அத்தனையும் இருந்தும் எந்தக் கருவிக்கும் அவை என்னவென்று புரியாது. துண்டுகளாகச் சேமிக்கும் பக்கம் என்றால் முதல் துண்டைக் கண்ணும் கருத்துமாகக் காக்க வேண்டும், அனைத்தையும் வரிசை மாறாமல் ஒட்டிய பிறகே கட்டளையை ஓட்ட வேண்டும்.

பாட்டி தேநீர் குடிக்க எழுந்தபோது பதிவை நிறுத்தி, பிறகு புதிதாகத் தொடங்கியிருந்தால் கதை வேறு. அவை தனித்தனித் தலைப்பகுதி உள்ள இரண்டு கோப்புகள். அவற்றை அப்படியே ஒட்டினால் முதல் பாதியோடு பல கருவிகள் நின்றுவிடும். MKVToolNix-உடன் வரும் நிரலால் முறையாக இணைக்கலாம்:

```
mkvmerge -w -o muzhuthum.webm muthal.webm + irandu.webm
```

இணைத்த பிறகும் மூலக் கோப்புகளை அழிக்காமல் ஒரு பென்டிரைவில் வையுங்கள். அந்த மாணவி இப்போது தன் எழுத்துப்படியின் ஓரத்தில் நேரம் குறிக்கிறார்: பெரட்டு 4:10, காண்டா வாளி 11:35, சயாம் 31:20. ஆசிரியர் சந்தேகப்பட்டால் அந்த இடத்தை நேரே இழுத்துக் கேட்கலாம். நாளை தேசிய ஆவணக் காப்பகத்துக்கே இதைக் கொடுக்க அந்தக் குடும்பம் முடிவு செய்தாலும், இந்த நேரக் குறிப்புகளோடு கொடுக்க முடியும்.