துண்டு போட்டால் ஜிக்சா ஆகிவிடுமா?

பாடத்தைத் துண்டு போட்டுக் குழுக்களுக்குப் பிரித்துக் கொடுத்தால் அதுதான் ஜிக்சா முறை என்று நம் பள்ளிகளில் ஒரு நினைப்பு இருக்கிறது. ஒரகடம் பக்கம் படிக்கும் என் பேத்தியின் வகுப்பில் நடந்ததும் அதுதான். "இங்கே தொழிற்சாலைகள் ஏன் வந்தன?" என்பது பாடம். நிலம், தண்ணீர், சாலையும் துறைமுகமும், ஆட்கள், அரசின் கொள்கை என ஐந்து துண்டு, குழுவுக்கு ஒன்று. ஒவ்வொரு குழுவிலும் நன்றாகப் படிக்கிற பிள்ளை எழுந்து வாசித்தது. "எங்க குழு தண்ணி தாத்தா, மத்தது தெரியாது" என்றாள் பேத்தி. இது ஒப்பித்தல். புதுவையில் பிரெஞ்சுப் பள்ளியில் நாங்களும் செய்ததுதான்.

உண்மையான ஜிக்சா வேறு. 1971இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் எலியட் ஆரன்சன் என்ற உளவியலாளர் இதை உருவாக்கினார். அதுவரை தனித்தனிப் பள்ளிகளில் படித்த வெள்ளை, கறுப்பின, மெக்சிக வம்சாவளிப் பிள்ளைகள் ஒரே வகுப்பில் உட்கார வேண்டி வந்து, மோதல் முற்றியிருந்த நேரம் அது.

கணக்கு இப்படி. முப்பது பேர் என்றால் ஐவர் கொண்ட ஆறு தாய்க்குழுக்கள். குழுவுக்குள் ஆளுக்கு ஒரு துண்டு. பிறகு தண்ணீர்த் துண்டு வைத்திருக்கும் ஆறு பேரும் நிபுணர் குழுவாகச் சேர்ந்து, அதைப் பேசித் தெளிந்து, எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று தீர்மானித்துத் தாய்க்குழுவுக்குத் திரும்பவேண்டும். அந்தத் தாள் வேறு யாரிடமும் இருக்கக்கூடாது. இதுதான் அச்சாணி. பாடப்புத்தகம் எல்லார் மேசையிலும் விரிந்து கிடந்தால், பக்கத்துப் பிள்ளை சொல்வதை எவன் கேட்பான்?

ஆசிரியருக்கு வேலை நிபுணர் குழுவில்தான். "செம்பரம்பாக்கம் ஏரி பக்கத்திலேயே இருக்கு, தண்ணிக்குக் கவலையில்லை" என்று அங்கே முடிவானால், அந்தத் தவறு ஆறு குழுவுக்கும் போய்ச் சேரும். அந்த ஏரி சென்னையின் குடிநீருக்கும் ஆதாரம் என்பதை அங்கேயே கேட்டுத் திருத்தவேண்டும். இதற்கு ஒரு பீரியட் போதாது, இரண்டாவது வேண்டும்.

கடைசியில் தேர்வு, ஆளுக்குத் தனித்தனியாக. குழு மதிப்பெண் கூடாது. கொடுத்தால் கெட்டிக்காரப் பிள்ளை எல்லாருக்கும் சேர்த்து எழுதிவிடும். கேள்வியும் துண்டுகளைக் கோக்கவேண்டும். 2006இல் வந்த நோக்கியா ஆலை 2014இல் மூடியபோது நிலமும் சாலையும் துறைமுகமும் இருந்த இடத்தில்தானே இருந்தன, பின் ஏன்? வரி வழக்கைப் பற்றிக் கொள்கைத் துண்டுக்காரன் சொல்லாமல் யாராலும் பதில் எழுத முடியாது.

ஆரன்சன் தன் கட்டுரைகளில் ஒரு பையனைப் பற்றி எழுதுகிறார். ஆங்கிலம் அவனுக்கு இரண்டாவது மொழி. அவன் திக்கியபோது மற்றவர்கள் கேலி செய்தார்கள். "அவன் பகுதி அவனுக்கு மட்டும்தான் தெரியும், தேர்வு வரப்போகிறது" என்று நினைவூட்டியதும், கேலியை விட்டுக் கேள்வி கேட்கத் தொடங்கினார்கள்.

நம் வட்டாரத்தில் ஒடிசா, பீகாரிலிருந்து வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள் படிக்கிறார்கள். துண்டு குழுவுக்கு ஒன்று என்றால் அவர்கள் கடைசி பெஞ்சில் வாயே திறக்கவேண்டியதில்லை. 'ஆட்கள்' என்ற தாளை அவர்களில் ஒருவன் கையில் கொடுங்கள். தமிழ் தடுமாறினால் மற்ற நால்வரும் கேட்டுக் கேட்டு வாங்கட்டும்.