முதலிலேயே சொல்லிவிடு என்கிறார்கள்

"காது கேக்காதுன்னு முதல்லயே சொல்லிடு. அப்புறம் தெரிஞ்சா மோசடின்னு தூக்கிடுவாங்க." தனியார் வேலைக்குப் போகும் மாற்றுத்திறனாளிகள் அடிக்கடி கேட்கும் அறிவுரை இது. இரண்டு காதிலும் கருவி மாட்டிக்கொண்டு கணக்கு எழுதும் எனக்கும் சொன்னார்கள்.

கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருப்பது மோசடி ஆகாது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வேலை தேடுபவர் தலையில் அப்படி ஒரு கடமையைச் சுமத்தவில்லை. ஆனால் மருத்துவப் படிவத்தில் 'செவிக்குறை உண்டா' என்று கேட்டு, 'இல்லை' என்று கையெழுத்துப் போட்டால் அது பொய். பின்னால் வேலையைப் பறிக்க அந்தக் காகிதம் போதும். ஓட்டுநர் வேலை, ஓடும் இயந்திரத்தருகே வேலை என்றால், பிறர் உயிருக்காக, கேட்காமலே சொல்லவேண்டும்.

'சொல்லிவிட்டால் சட்டம் காக்கும்' என்பது அடுத்த நம்பிக்கை. வேலையில் பாகுபாடு கூடாது, தேவையான வசதி செய்துதர வேண்டும் என்று நேராகச் சொல்லும் 20-ஆம் பிரிவு அரசு நிறுவனங்களைத்தான் கட்டுப்படுத்துகிறது. தனியார் நிறுவனம் சமவாய்ப்புக் கொள்கை வெளியிட வேண்டும். 3-ஆம் பிரிவின் பொதுவான பாகுபாட்டுத் தடையை வைத்து வாதாடலாம். ஆனால் விண்ணப்பத்திலேயே சொன்னவருக்கு 'வேறொருவர் பொருத்தமாக இருந்தார்' என்று ஒரு வரி வந்தால், காரணம் காதுதான் என்று எதை வைத்துக் காட்டுவது? சட்டத்தை முதல்முறை மீறினால் அபராதமே அதிகபட்சம் 10,000 ரூபாய்தான். ஆஃபர் லெட்டர் வந்தபிறகு சொல்லி, அதற்குப்பின் அவர்கள் ஆஃபரைத் திரும்பப் பெற்றால், இரண்டு தேதிகளாவது கையில் இருக்கும்.

அரசு இடஒதுக்கீடு வேறு விஷயம். அங்கே சான்றிதழ்தான் நுழைவுச்சீட்டு, விண்ணப்பத்திலேயே காட்டவேண்டும்.

அப்படியானால் கடைசிவரை மூடிவைக்கலாமா? முதல் வேலையில் நான் அதைத்தான் செய்தேன். ஏசி இரைச்சலில் போனில் 'ஃபிஃப்டீன்' என்றது எனக்கு 'ஃபிஃப்டி' ஆனது. ஒரு பில்லில் 15,000 என்பதை 50,000 என்று பதிந்தேன். அப்ரைசலில் 'கவனக்குறைவு' என்று எழுதினார்கள். அதன்பிறகு காதைப் பற்றிச் சொன்னேன். மேலாளர் முகத்தில் தெரிந்தது: மாட்டிக்கொண்டதும் சாக்குச் சொல்கிறான்.

அடுத்த வேலையில் போன் நேர்காணல் என்றார்கள். "போனில் தெளிவாக இல்லை, வீடியோவில் பேசலாமா?" என்றேன். காரணம் யாரும் கேட்கவில்லை. ஆஃபர் வந்ததும், சேர்வதற்கு முன், ஹெச்.ஆருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். எத்தனை டெசிபல் இழப்பு, எந்த வயதிலிருந்து என்றெல்லாம் எழுதவில்லை. செவித்திறன் குறைவு, கருவி அணிகிறேன் என்று ஒரு வரி. தொகைகளை எழுத்தில் அனுப்புங்கள், ஏசி இல்லாத மூலையில் இடம் கொடுங்கள், கூட்டங்களில் கேப்ஷன் போடுங்கள் என்று மூன்று கோரிக்கைகள். வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தால், மேலாளர் மாறும்போது அதுவும் போயிருக்கும்.

இரண்டு கோரிக்கைகளுக்கு உடனே சரி என்றார்கள். மூலை இடம் கிடைக்க நான்கு மாதமாயிற்று.