ஸ்கேனுக்குப் பிடிபடாத வலி

சமையல் நிகழ்ச்சிகளால் அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு அறிமுகமானவர், தமிழ்க் குடும்பத்தில் பிறந்த பத்மா லட்சுமி. பதின்வயதிலிருந்தே மாதாமாதம் சில நாட்கள் வலியில் சுருண்டு கிடந்தார். அது எண்டோமெட்ரியோசிஸ் என்று தெரியவந்தபோது அவருக்கு வயது 36. இத்தனைக்கும் அவருடைய தாய் ஒரு செவிலியர்.

இந்தத் தாமதத்துக்கு அறியாமை மட்டும் காரணமல்ல. இந்த நோயில், கருப்பையின் உட்படலத்தை ஒத்த திசு கருப்பைக்கு வெளியே, சினைப்பை, குடல், சிறுநீர்ப்பை ஆகியவற்றின் மேல் படிகிறது. அங்கே அழற்சி உண்டாகித் தழும்பாகி, உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளவும் கூடும். சினைப்பையில் ‘சாக்லேட் கட்டி’யாகத் திரண்டால் ஸ்கேனில் தெரியும். வயிற்று உறையில் மெல்லிய திட்டுகளாக இருந்தால் பெரும்பாலும் தெரியாது. ‘ஸ்கேன் நார்மல்’ என்ற சீட்டோடு ஒரு பெண் வீடு திரும்புவது இப்படித்தான்.

ஃபைப்ராய்டு கட்டியின் கதை நேர் எதிர். அது ஸ்கேனில் சட்டென்று அகப்பட்டுவிடும். ஆனால் பலருக்கு எந்தத் தொல்லையும் தராது. அளவைவிட அது இருக்கும் இடமே முக்கியம். கருப்பையின் உட்குழிக்குள் துருத்தும் 2 செ.மீ. கட்டி, மணிக்கொரு நாப்கின் மாற்றும் அளவுக்கு உதிரப்போக்கையும் ரத்தசோகையையும் கொண்டுவரலாம். வெளிப்புறம் வளரும் 6 செ.மீ. கட்டியோ போக்கைக் கூட்டாமல், சிறுநீர்ப்பையை அழுத்தி அடிக்கடி கழிப்பறைக்கு அனுப்பலாம்.

சிக்கல், இரண்டும் ஒருவரிடமே இருக்கும்போது. 34 வயதுப் பெண் ஒருவரை எடுத்துக்கொள்வோம். விலக்காவதற்கு இரண்டு நாள் முன்பே அடிவயிறு வலிக்கத் தொடங்குகிறது. அந்த நாட்களில் மலம் கழிக்கும்போது உயிர் போகிறது. தாம்பத்திய உறவிலும் ஆழத்தில் வலி. ஸ்கேனில் கருப்பையின் வெளிப்புறம் 3 செ.மீ. ஃபைப்ராய்டு. எல்லாப் பழியும் அந்தக் கட்டியின் மேல் விழுகிறது. ஆனால் அந்த இடத்தில், அந்த அளவில் உள்ள கட்டி இப்படி நாள் பார்த்து வலிப்பது அரிது. குடலும் உறவும் சேர்ந்து வலிப்பது எண்டோமெட்ரியோசிஸின் பக்கம் கைகாட்டுகிறது. வலி எந்த நாளில் தொடங்கியது, எதைச் செய்தால் கூடியது என்று இரண்டு மூன்று மாதங்கள் அந்தப் பெண் குறித்துவைத்த தாள், அந்த ஸ்கேன் சீட்டைவிட அதிகம் சொல்லும்.

லேப்ராஸ்கோப்பியில் பார்த்து உறுதி செய்தால்தான் சிகிச்சை என்ற பிடிவாதமும் இப்போது தளர்ந்துவிட்டது. அறிகுறிகள் பொருந்தி, உடனே கருத்தரிக்கும் எண்ணமும் இல்லையென்றால், ஹார்மோன் மாத்திரையைத் தொடங்கிப் பார்க்கலாம் என்கிறது ஐரோப்பிய மனித இனப்பெருக்க, கருவியல் சங்கத்தின் 2022ஆம் ஆண்டு வழிகாட்டுதல். மாத்திரை வலியை அடக்கும், திட்டுகளை அகற்றாது. நிறுத்தினால் வலி திரும்பலாம்.

இதையெல்லாம் ஆராயாமல், ‘கட்டி இருக்கிறது, கர்ப்பப்பையையே எடுத்துவிடலாம்’ என்று முடிவெடுப்பதுதான் பெரிய அநியாயம். உதிரப்போக்கு நின்றுவிடும். குடலின் மேலும் வயிற்று உறையிலும் படிந்த திட்டுகள் அப்படியே இருந்தால், கருப்பை போன பிறகும் அந்தப் பெண்ணுக்கு வலி தொடரலாம்.