‘ஒருமுறை மட்டும்’ படங்கள்: மறைவது எது, எஞ்சுவது எது?

புதுதில்லி: வாட்ஸ்ஆப் செயலியில் படத்தை அனுப்புவதற்கு முன் ‘1’ என்ற சிறு வட்டக் குறியைத் தொட்டால், பெறுபவர் அதை ஒருமுறை மட்டுமே திறக்க முடியும். மூடியதும் அது உரையாடலிலிருந்து மறைந்துவிடும். 2021 ஆகஸ்ட் மாதம் அறிமுகமான ‘வியூ ஒன்ஸ்’ எனும் இந்த வசதியை நம்பி, ஆதார் அட்டைப் படம் முதல் அந்தரங்கப் படங்கள் வரை பலவும் அனுப்பப்படுகின்றன. ஆனால் இந்த வசதி படத்தை அழித்துவிடும் பூட்டு அல்ல; பெறுபவரின் கருவிக்கு இடப்படும் ஒரு கட்டளை மட்டுமே. அந்தக் கட்டளையைக் கருவியும் அதை வைத்திருப்பவரும் மதிக்கும் வரையில்தான் பாதுகாப்பு நிலைக்கும்.

எவ்வாறு இயங்குகிறது?

அனுப்பப்படும் படம் முதலில் அனுப்புநரின் கைப்பேசியிலேயே மறையாக்கம் செய்யப்பட்டு, வாட்ஸ்ஆப் சேவையகத்தில் வைக்கப்படுகிறது. அங்கிருந்து பெறுபவரின் கருவி அதைத் தரவிறக்கி, தன்னிடமுள்ள சாவியால் திறக்கிறது. சாதாரணப் படத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு, ‘இது ஒருமுறை மட்டும் பார்க்கத் தக்கது’ என்று செய்தியோடு சேர்ந்து செல்லும் குறிப்புதான். அதைப் படிக்கும் செயலி, படத்தைக் கேலரியில் சேமிப்பதில்லை. பிறருக்கு அனுப்பவும் விடுவதில்லை. 14 நாள்களுக்குள் திறக்கப்படாத படம் காலாவதியாகிவிடும்.

தொடக்கத்தில் பெறுபவர் எவ்விதத் தடையுமின்றி ஸ்கிரீன்ஷாட் எடுக்க முடிந்தது. இக்குறையை நீக்குவதாக 2022 ஆகஸ்டில் அந்நிறுவனம் அறிவித்தது. இப்போது கைப்பேசியில் இத்தகைய படத்தைத் திறந்து ஸ்கிரீன்ஷாட் எடுக்க முயன்றால் அந்த முயற்சி தடுக்கப்படும்.

எனினும் இத்தடை அந்த ஒரு கருவிக்குள் மட்டுமே செல்லுபடியாகும். பெறுபவர் மற்றொரு கைப்பேசியை எடுத்து முதல் கைப்பேசியின் திரையைப் படம்பிடித்தால், எந்த மென்பொருளாலும் அதைத் தடுக்க இயலாது. திரையில் தெரிந்தால்தான் மனிதக் கண் பார்க்க முடியும். கண் பார்க்கக் கூடியதைக் கேமராவும் பார்க்கும். ஒருமுறை திறந்த படத்தை எவ்வளவு நேரம் திறந்தே வைத்திருக்கலாம் என்பதற்கும் வரம்பு இல்லை. எனவே இன்னொரு கருவியை எடுத்துவர அவகாசம் தாராளமாகவே உண்டு. காணொளிக்கும் இது பொருந்தும். வாட்ஸ்ஆப் நிறுவனமே தனது உதவிப் பக்கத்தில் இதை எச்சரித்துள்ளது.

2024-இல் வெளிவந்த ஓட்டை

இரண்டாவது கேமரா எல்லோருக்கும் புரியும் வழி. அதைவிட ஆழமான ஒரு குறைபாட்டை 2024 செப்டம்பரில் ‘ஸென்கோ’ எனும் நிறுவனத்தின் ஆய்வாளர் டால் பியரி குழுவினர் வெளியிட்டனர்.

அப்போது கணினி உலாவியில் இயங்கும் வாட்ஸ்ஆப் வெப், இத்தகைய படம் வந்தால் ‘கைப்பேசியில் மட்டுமே திறக்க முடியும்’ என்ற பொருளில் ஓர் அறிவிப்பைக் காட்டும். உலாவியில் ஸ்கிரீன்ஷாட்டைத் தடுக்கும் வழி வாட்ஸ்ஆப்பிடம் இல்லாததால் இந்த ஏற்பாடு. வெளிப்பார்வைக்குப் படம் கணினிக்கு வரவே இல்லை என்று தோன்றும். ஆனால் உண்மையில், படத்தைத் தரவிறக்கத் தேவையான முகவரியும் திறப்பதற்கான சாவியும் பெறுபவரின் எல்லாக் கருவிகளுக்கும் சென்றுகொண்டிருந்தன. ‘காட்டாதே’ என்ற குறிப்பை மட்டுமே உலாவி மதித்து வந்தது.

அந்தக் குறிப்பை ‘இல்லை’ என மாற்றிவிட்டால், அது சாதாரணப் படமாகிவிடும்: சேமிக்கலாம், பிறருக்கு அனுப்பலாம். படம் பார்க்கப்பட்ட உடனே சேவையகத்திலிருந்து நீக்கப்படுவதும் இல்லை என்று ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். இந்த மாற்றத்தைச் செய்து தரும் உலாவி இணைப்புகள் ஏற்கெனவே புழக்கத்தில் இருந்ததால், நிறுவனத்துக்கு முறைப்படி தெரிவித்ததோடு நில்லாமல் பொதுவெளியிலும் அறிவித்ததாக அவர்கள் கூறினர். வாட்ஸ்ஆப் பின்னர் திருத்தங்களை மேற்கொண்டது. நம்பிக்கைக்கு உரியவர்களுக்கு மட்டுமே இத்தகைய படங்களை அனுப்புமாறும் அறிவுறுத்தியது.

இதன் படிப்பினை, ஓர் ஓட்டை அடைக்கப்பட்டதா என்பதோடு முடிவதில்லை. மறையாக்கம் வழியில் ஒட்டுக்கேட்கும் மூன்றாம் நபரிடமிருந்து காக்கிறது. இங்கோ யாரிடமிருந்து படத்தைக் காக்க விரும்புகிறோமோ, அவரிடமே சாவியும் தரப்படுகிறது.

அனுப்புநருக்குத் தெரியாது

படியெடுக்கப்பட்டதை அனுப்புநர் அறிய வழி உண்டா? அவருக்குத் தெரிவது ‘திறக்கப்பட்டது’ என்ற ஒரு சொல் மட்டுமே. பெறுபவர் ‘படித்ததற்கான அடையாளத்தை’ முடக்கி வைத்திருந்தால் அதுவும் தெரியாது. இன்னொரு கைப்பேசியால் எடுக்கப்பட்ட படம் எந்தத் தடயத்தையும் விட்டுச் செல்வதில்லை.

இச்சிக்கல் புதிதன்று. மறையும் படங்களைப் பரவலாக்கிய ஸ்னாப்சாட், படங்கள் நிரந்தரமாக மறைந்துவிடும் என்று பயனாளர்களுக்குத் தவறான உறுதி அளித்ததாக அமெரிக்க வணிக ஆணையம் 2014-இல் குற்றஞ்சாட்டியது. வெளிச் செயலிகள் மூலம் படங்களைச் சேமிக்க முடிந்ததை ஆணையம் சுட்டிக்காட்டியது. அந்த வழக்கு சமரசத்தில் முடிந்தது.

சாட்சியம் மறையும் ஆபத்து

வசதியின் மறுபக்கத்தை அதிகம் பேர் எண்ணிப் பார்ப்பதில்லை. மிரட்டுபவரும் இதே வசதியைப் பயன்படுத்தலாம். ஒரு பெண்ணின் அந்தரங்கப் படம் தன்னிடம் இருப்பதைக் காட்ட, அதையே ‘ஒருமுறை மட்டும்’ முறையில் அவருக்கு அனுப்பி மிரட்டினால், அவர் மூடிய கணமே சாட்சியம் மறைந்துவிடும். ஸ்கிரீன்ஷாட் தடையும் இங்கு குற்றவாளிக்கே துணைபோகிறது. அத்தகைய செய்தி வந்தால் அதை மூடுவதற்கு முன், அனுப்பியவரின் பெயரும் எண்ணும் விளங்கும்படி மற்றொரு கைப்பேசியால் திரையைப் பதிவு செய்வதே கைக்கு எட்டும் வழி. செயலியில் புகார் அளித்தால் அந்தப் படம் வாட்ஸ்ஆப் நிறுவனத்தின் பார்வைக்குச் செல்லும். தேசிய சைபர் குற்ற உதவி எண் 1930, cybercrime.gov.in தளத்திலும் புகார் பதியலாம்.

சட்டம் இவ்விஷயத்தில் தொழில்நுட்பத்தைவிடத் தெளிவாக உள்ளது. தன்னைப் படமெடுக்க ஒரு பெண் சம்மதித்திருந்தாலும், அதை மூன்றாம் நபருக்குப் பரப்பச் சம்மதிக்கவில்லை எனில், பரப்புவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆவது பிரிவின்படி குற்றம். ஒருவரின் அந்தரங்க உறுப்புப் படத்தை அவரது சம்மதமின்றி வெளியிடுவோருக்கும் அனுப்புவோருக்கும், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவு 3 ஆண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கிறது. இதில் ஆண், பெண் என்ற வேறுபாடு இல்லை. விருப்பத்துடன் அனுப்பியவர் என்பதால் புகார் அளிக்கும் உரிமை போய்விடுவதில்லை.

எதற்குப் பயன்படும்?

இவ்வளவு வரம்புகள் இருந்தும் வசதி வீணானதன்று. பெறுபவர் நேர்மையானவராக இருந்து, அவரது கைப்பேசி பின்னர் பழுதுபார்க்கும் கடைக்கோ வேறொருவர் கைக்கோ போனால், கேலரியில் படம் கிடக்காது. கவனக்குறைவால் ஏற்படும் கசிவை இது குறைக்கிறது. திட்டமிட்டுச் செய்யும் துரோகத்தைத் தடுப்பதில்லை.

ஆகவே வாடகை வீட்டுக்காகத் தரகருக்கு ஆதார் படத்தை அனுப்புபவர், ‘1’ குறியை மட்டும் நம்பாமல், கடைசி நான்கு இலக்கங்கள் மட்டுமே தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரை யுஐடிஏஐ தளத்திலிருந்து தரவிறக்கி அனுப்பலாம். தரகர் அதைப் படியெடுத்தாலும் முழு எண் அவருக்குக் கிடைக்காது. அந்தரங்கப் படத்துக்கு இப்படியொரு மாற்று இல்லை. அங்கே எஞ்சும் பாதுகாப்பு, பெறுபவர் எத்தகையவர் என்பது மட்டுமே.